வாராவாரம் சேமிப்பு மெசேஜ் அனுப்பியும் தம்பி ஒன்பதாவது வாரத்தில் நிறுத்திவிட்டான். தப்பு மெசேஜில்தானா?

அல்லி, ஜனவரி 14

தம்பி ஒரு போன் வாங்க 18,000 சேர்க்கிறான். வாரம் 600 வீதம் 30 வாரம் என்று கணக்கு. நான் என் கோர்ஸ் கட்டணத்துக்குத் தனியாகச் சேர்க்கிறேன். இரண்டு கணக்கையும் ஒரே ஷீட்டில் நான்தான் எழுதுகிறேன். ஞாயிறு இரவு அவனுக்கு ஒரு மெசேஜ் போடுவேன். முதல் எட்டு வாரமும் தவறாமல் போட்டான், 4,800 ஆனது. ஒன்பதாவது வாரம் ஒன்றும் இல்லை. பத்தாவது வாரம் 1,500 எடுத்துவிட்டான். இப்போது என் மெசேஜைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நினைவூட்டினால் சேமிப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே, இங்கே ஏன் தலைகீழாகிறது?

நெடுஞ்சாலை, ஜனவரி 14

சேர்ந்ததைச் சொல்லாதீர்கள், மீதியை மட்டும் சொல்லுங்கள். எல்லை நெருங்க நெருங்க வேகம் தானாக வரும். 1930களில் ஹல் என்பவர் எலிகளை வைத்துக் காட்டியதே இதுதான், தீனி இருக்கும் இடம் நெருங்கும்போது எலி வேகமாக ஓடும். மனிதர்களும் அப்படித்தான்.

புதுவரவு, ஜனவரி 15

எனக்கும் வாராவாரம் தவணை மெசேஜ் வருகிறது, கட்டின பிறகும் வருகிறது. அதை எப்படி நிறுத்துவது?

அல்லி, ஜனவரி 15

புதுவரவு, அது கடன் தவணை. நான் கேட்பது சேமிப்பு. கடன் கொடுத்தவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், கட்டிய ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள்.

எண்ணெழுத்து, ஜனவரி 15

அல்லி, நீ அனுப்பிய மெசேஜை ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே போடு. அவனுக்கு எந்தக் கிழமை கையில் பணம் வருகிறது என்றும் சொல். நான் ஒரு சேமிப்புச் சங்கத்தில் உறுப்பினர்களுக்கு இதே மாதிரி மெசேஜ் பல வருடம் எழுதியவள். முக்கால்வாசி நேரம் கோளாறு அந்த மெசேஜுக்குள்ளேயே இருக்கும், ஆளிடம் இருக்காது.

அல்லி, ஜனவரி 15

இதோ பத்தாவது வாரம் போனது:

"வாரம் 10. இருப்பு 3,300 / 18,000 (18.3%). இந்த வாரம் -1,500. இருக்க வேண்டியது 6,000. நீ 2,700 பின்தங்கியிருக்கிறாய்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூலி வரும்.

எண்ணெழுத்து, ஜனவரி 16

இதில் ஏழு எண் இருக்கிறது, ஆனால் அவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஏழில் மூன்று எண் அவன் தோற்றதைச் சொல்கிறது. அவன் மூடி வைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை, அம்மா.

முதலில் நேரத்தை மாற்று. வெள்ளி மாலை பணம் வருகிறது, ஞாயிறு இரவு மெசேஜ் வருகிறது. நடுவில் இரண்டு நாள் போய்விட்டது. மெசேஜ் வரும்போது கையில் 600 இருந்தால்தான் அது நினைவூட்டல். இல்லாவிட்டால் அது கணக்குக் கேட்பது. கூலி வந்த அரை மணிக்குள் போகட்டும்.

நெடுஞ்சாலை சொன்ன எலி உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எல்லைக்குப் பக்கத்தில் வேகம் வரும் என்றால், எல்லைக்கு வெகு தூரத்தில் அந்த வேகம் இருக்காது என்றும் அர்த்தம். மூன்றாவது வாரம் "மீதி 16,200" என்று பார்ப்பவனுக்கு 600 போட்டது கடலில் கரைத்த மாதிரி இருக்கும். கூ, ஃபிஷ்பாக் என்ற இருவர் 2012இல் இதைச் சோதித்து எழுதினார்கள். சேர்ந்தது, மீதி இரண்டில் எது சிறிய எண்ணோ அதைக் காட்டும்போது ஆட்களுக்கு ஊக்கம் கூடுகிறது. பாதி வரை "இதுவரை சேர்ந்தது", பாதி தாண்டியதும் "இன்னும் வேண்டியது". சிறிய எண்ணின் பக்கத்தில் 600 பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

நெடுஞ்சாலை, ஜனவரி 16

சரி, ஆரம்பத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் பின்தங்கியதைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையா? அவன் பணம் எடுத்தது எடுத்ததுதானே.

அல்லி, ஜனவரி 17

அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். மறைக்க எனக்கு மனசில்லை. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மீதி 14,700, வாரம் 20. அப்படியென்றால் இனி வாரம் 735. அதை அனுப்பலாமா?

எண்ணெழுத்து, ஜனவரி 17

அனுப்பாதே. இந்த இடத்தில்தான் நானும் வருடக்கணக்காகத் தப்பு செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

600 போட முடியாமல்தான் ஒரு வாரம் விட்டான். அவனிடம் 735 கேட்கிறாய். அடுத்த வாரமும் விட்டால் 14,700ஐ 19ஆல் வகுத்து 774 கேட்பாய். விடும் ஒவ்வொரு வாரத்துக்கும் தொகை ஏறிக்கொண்டே போகும். பார்ப்பவனுக்கு அது அபராதம் மாதிரி இருக்கும். எங்கள் சங்கத்திலும் கணக்கைக் கணினிதான் இப்படிப் போட்டது. இரண்டு வாரம் விட்டவர்கள் மூன்றாவது வாரம் மொத்தமாகவே விட்டார்கள். மெசேஜ் சரியாகக் கணக்குப் போட்டதால்தான் விட்டார்கள் என்று எனக்குப் புரியவே வெகு நாளானது.

இலக்கில் எது அசையாது, எது அசையும் என்று முதலில் பார். போனுக்குக் கடைசித் தேதி கிடையாது. ஐந்து வாரம் தள்ளி வாங்கினாலும் அதே போன்தான். அங்கே வாரத் தொகையை அசைக்காதே, தேதியை நகர்த்து. உன் கோர்ஸுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் உண்டு, ஒரு நாள் தாண்டினாலும் சேர்க்க மாட்டார்கள். அங்கே தேதி அசையாது, தொகைதான் ஏறியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஷீட், ஒரே மாதிரி மெசேஜ் என்றாயே, அதுதான் கோளாறு.

எடுத்ததை மறைக்க வேண்டாம். "முடியும் வாரம்" என்ற ஒரு எண்ணிலேயே அது வந்துவிடும்.

அல்லி, ஜனவரி 18

14,700 / 600 = 24 வாரம். 34வது வாரம் முடியும். இப்படி எழுதியிருக்கிறேன்:

"வாரம் 11. இதுவரை சேர்ந்தது 3,300. இன்று 600 போட்டால் 3,900. இதே வேகத்தில் 34வது வாரம் போன்."

மழைத்துளி, ஜனவரி 18

24 இல்லை, இருபத்து நாலரை. அரை வாரம் என்று ஒன்று கிடையாதே, 25 ஆகும். 35வது வாரம்.

எங்கள் அம்மா மெசேஜ் எல்லாம் பார்த்ததில்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் காகிதம் ஒட்டி, வாரத்துக்கு ஒரு கட்டம் கோடு போட்டு, பணம் போட்ட அன்று கட்டத்தை அடைப்பார். போடாத வாரம் வெள்ளையாகவே இருக்கும், அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம். எனக்குப் படிப்புக்குப் பணம் சேர்ந்ததே அந்தக் கதவில்தான்.

அல்லி, ஜனவரி 19

மழைத்துளி, நன்றி, 35 என்று திருத்தினேன். கீழே தள்ளிவிட்டிருந்தேன், மேலே தள்ள வேண்டும். 34 என்று அனுப்பியிருந்தால் கடைசி வாரம் 300 குறைந்து அவனுக்கு ஏமாற்றமாகியிருக்கும்.

வெள்ளி மாலை ஆறரைக்கு அனுப்பினேன். ஏழு மணிக்கு 600 போட்டான். பதில் எதுவும் எழுதவில்லை.

எண்ணெழுத்து, ஜனவரி 20

மழைத்துளியின் அம்மா செய்ததற்குப் பக்கத்தில் வரும் ஒரு சோதனை உண்டு. கென்யாவில் கூலி வேலை செய்பவர்களுக்கு வாராவாரம் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். சிலருக்குப் பொன்னிறத்தில் ஒரு நாணயம் கொடுத்தார்கள். அதில் 24 வாரத்துக்கு 24 எண், சேமித்த வாரத்தின் எண்ணைச் சுரண்டிக் குறிக்க வேண்டும். சேமிப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது நாணயம்தான். வீட்டில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது, குறிப்பவரும் சேமிப்பவரே. மெசேஜ் வந்த கொஞ்ச நேரத்தில் மற்ற மெசேஜ்களுக்கு அடியில் போய்விடும்.

மெசேஜ் மட்டும் என்ன செய்யும் என்பதற்கும் ஒரு அளவு இருக்கிறது. பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் மூன்று நாட்டு வங்கிகளில் பார்த்ததில் நினைவூட்டலால் சேமிப்பு 6 சதவீதம் மாதிரிதான் கூடியது. வீண் இல்லை, ஆனால் அதற்கு மேல் எதிர்பார்த்து மனசு விடாதே.

அல்லி, பிப்ரவரி 4

மூன்று வாரமாகத் தவறவில்லை. இன்று அவனே பேசினான், அதில் நான் இதுவரை கேட்காத ஒன்று வந்தது.

பத்தாவது வாரம் 1,500 எடுத்தது அவனுக்காக இல்லை. அதற்கு முந்தின ஞாயிறு என் மெசேஜ் வந்தபோது போன் மேஜை மேல் கிடந்திருக்கிறது. பூட்டிய திரையிலேயே "இருப்பு 4,800" என்று முதல் வரி தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த நண்பன் பார்த்துவிட்டு அடுத்த நாளே கைமாற்றுக் கேட்டிருக்கிறான். இவ்வளவு இருக்கிறதே என்று தெரிந்த பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வான்?

நான் மூன்று வாரமாக அவனுடைய உறுதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பணத்தை வெளியே எடுத்துக் காட்டியது என் மெசேஜ். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது, அவனிடம் சொல்லியும் விட்டேன்.

நெடுஞ்சாலை, பிப்ரவரி 4

பூட்டிய திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாமல் வைக்க போனிலேயே அமைப்பு இருக்கிறது, அதை மாற்றச் சொல்லுங்கள்.

எண்ணெழுத்து, பிப்ரவரி 5

அதையும் மாற்றலாம். ஆனால் போன் மாறும், அமைப்பு மாறும், யாரோ ஒருவர் கையில் போன் இருக்கும். எழுதுகிறவர்தான் கவனிக்க வேண்டும். முதல் வரியில் தொகை வரக்கூடாது. "வெள்ளிக்கிழமை, வாரம் 14" என்று தொடங்கு, எண்கள் திறந்தால் தெரியட்டும். "சேமிப்பு", "இருப்பு" என்ற சொற்களும் முதல் வரியில் வேண்டாம். எங்கள் சங்கத்தில் இதைக் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அல்லி, பிப்ரவரி 18

இப்போது என் கணக்கு. கோர்ஸ் கட்டணம் 26,000, கடைசி நாளுக்கு 26 வாரம், வாரம் 1,000 என்று தொடங்கினேன். இது 12வது வாரம். இரண்டு வாரம் போட முடியவில்லை, 10,000தான் இருக்கிறது. மீதி 16,000, வாரம் 14. வகுத்தால் 1,143. நான் 1,150 என்று வைத்துக்கொண்டேன்.

எண்ணெழுத்து அக்கா, தம்பிக்கு ஏற்றாதே என்றீர்கள், எனக்கு ஏற்றுகிறேன். ஏற்றும்போது எங்கே நிற்பது? இன்னும் இரண்டு வாரம் விட்டால் அது என்னால் முடியாத தொகை ஆகிவிடும், அது எனக்கு எப்போது தெரியும்?

எண்ணெழுத்து, பிப்ரவரி 19

இதைத்தான் யாரும் மெசேஜில் போடுவதில்லை. உன்னால் இறுக்கிப் பிடித்து வாரம் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்று நீயே ஒரு எண் சொல். 1,400 என்று வைத்துக்கொள்வோம். 20வது வாரம் முடிந்தால் மிச்சம் 6 வாரம், 6 x 1,400 = 8,400. ஆகவே 20வது வாரம் உன்னிடம் 17,600 இருந்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே போனால் சேமித்து மட்டும் கட்ட முடியாது என்று அன்றே தெரிந்துவிடும். ஆறு வாரம் கையில் இருக்கும்போதே தவணையாகக் கட்டலாமா என்று போய்க் கேட்கலாம். கடைசி வாரம் போய்க் கேட்பதும் ஆறு வாரம் முன்னால் கேட்பதும் ஒன்றில்லை.

உன் மெசேஜில் வேண்டியது இரண்டே வரி: இந்த வாரம் எவ்வளவு, எல்லைக் கோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறாய். சதவீதம் உனக்குத் தேவையே இல்லை.

புதுவரவு, பிப்ரவரி 20

தவணைக்காரர்களுக்கு ரசீதோடு எழுதினேன், மெசேஜ் நின்றது. இப்போது நானும் சேர்க்க ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். போன், வண்டி, பயணம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மெசேஜ் வரும்படி செய்யலாமா?

எண்ணெழுத்து, பிப்ரவரி 20

ஒன்றில் தொடங்குங்கள். பல இலக்கு வைத்தவர்களைவிட ஒரே இலக்கு வைத்தவர்கள் அதிகம் சேமித்தார்கள் என்று சோமன், ஜாவ் இருவரும் 2011இல் எழுதியிருக்கிறார்கள். மூன்று இருந்தால் எதற்குப் போடுவது என்ற யோசனையிலேயே வாரம் போகும்.

மழைத்துளி, பிப்ரவரி 21

இதில் எனக்கு உடன்பாடில்லை. அம்மாவின் கதவில் இரண்டு காகிதம் இருந்தது, ஒன்று படிப்பு, ஒன்று வைத்தியச் செலவு. வைத்தியக் காகிதம் இருந்ததால்தான் படிப்புப் பணத்தில் யாரும் கை வைக்கவில்லை.

எண்ணெழுத்து, பிப்ரவரி 21

அவசரத்துக்கு ஒன்று தனியாக வைப்பதை நான் மறுக்கவில்லை. அது இலக்கா, இலக்குக்குக் காவலா என்பதில்தான் நமக்குள் வித்தியாசம். உங்கள் அம்மா செய்தது சரிதான் என்றே எனக்கும் படுகிறது.

அல்லி, மார்ச் 24

தம்பி 20வது வாரம், 9,300. பாதி தாண்டியதால் வெள்ளிக்கிழமை "இன்னும் வேண்டியது 8,700" என்று மாற்றினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "இவ்வளவு நாள் ஏறிக்கொண்டிருந்தது, இப்போது இறங்குகிறதே" என்கிறான். மாறப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும், நான் சொல்லவில்லை.

இந்த நடுப்பகுதிதான் எனக்கும் பிடிபடவில்லை. 7,500, 8,100, 8,700 என்று போகும்போது இரண்டு பக்கமும் பெரிய எண். 3,000 வீதம் ஆறு படியாகப் பிரித்து "இந்தப் படியில் 300, இன்னும் 2,700" என்று போட்டால்?

எண்ணெழுத்து, மார்ச் 25

செய்து பார். ஆனால் ஒவ்வொரு படி முடிந்த வாரமும் கவனி. படியை முடித்தவர்கள் அடுத்த வாரம் கொஞ்சம் இளைப்பாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அல்லி, ஏப்ரல் 14

நீங்கள் சொன்ன இளைப்பாறல் படி முடியும் முன்பே வந்துவிட்டது, அக்கா. 22வது வாரம் தம்பி போடவில்லை. வேலை குறைந்த வாரம் என்கிறான், அதுவும் உண்மைதான். படியால் வந்ததா, வேலையால் வந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படியை எடுத்துவிட்டேன். "முடியும் வாரம் 36" என்று மட்டும் மாற்றினேன், வேறொன்றும் எழுதவில்லை. அடுத்த வெள்ளி 600 வந்தது. ஜனவரியில் ஒரு வாரம் விட்டதும் கதவை மூடிக்கொண்டவன் இவன்.

எனக்கு இன்று 20வது வாரம். நடுவில் ஒன்று தவறி 18,050 இருக்கிறது. கோட்டுக்கு 450 மேலே. இனி வாரம் 1,325.

நெடுஞ்சாலை, ஏப்ரல் 15

450தான் மேலே என்றால் பயமாக இல்லையா?

அல்லி, ஏப்ரல் 15

பயம்தான். ஆனால் முன்பு மாதிரி எதற்கு என்று தெரியாத பயம் இல்லை. தவணை உண்டா என்று இன்றே கேட்டுவிட்டேன், கிடையாது என்றார்கள். அதுவும் இப்போதே தெரிந்தது நல்லது. ஒரு வாரம்கூட இனி விட முடியாது.

அல்லி, மே 4

அந்த நண்பன் 1,000 திருப்பிக் கொடுத்தான். தம்பி அந்த வாரத்து 600ஐயும் சேர்த்து 1,600 போட்டான். மெசேஜில் "இந்த வாரம் 1,600" என்று எழுதினேன், பிறகு யோசித்து அழித்தேன். அப்படிப் போட்டால் அடுத்த வாரத்து 600 சின்னதாகத் தெரியும். "இந்த வாரம் 600. திரும்பி வந்தது 1,000. இன்னும் வேண்டியது 4,700, முடியும் வாரம் 34" என்று அனுப்பினேன். 36 இருந்த இடத்தில் 34 வந்ததைப் பார்த்து முதல் முறையாக எனக்குப் பதில் எழுதினான்: "பார்த்தேன்".

மழைத்துளி, மே 4

இந்த ஒரு வார்த்தையைப் படிக்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா!

அல்லி, மே 25

கட்டணம் கட்டிவிட்டேன். கடைசி ஆறு வாரமும் 1,325 வீதம் போட்டேன், ஒன்றுகூட விடவில்லை.

அல்லி, ஜூன் 22

தம்பி 33வது வாரம். இன்னும் வேண்டியது 500. நேற்று மெசேஜ் அனுப்ப ஆறரைக்குப் போனை எடுத்தேன், அதற்குள் அவனுடையது வந்திருந்தது: "வெள்ளி, வாரம் 33. போட்டாச்சு. அடுத்த வாரம் நீ அனுப்ப வேண்டாம்." முதல் வரியில் தொகை இல்லை.

நண்பன் தர வேண்டிய இன்னொரு 500 இன்னும் வரவில்லை. அதைக் கேட்டால் இன்றே போன் வாங்கலாம். கேட்கமாட்டேன், அடுத்த வெள்ளி நானே போடுகிறேன் என்கிறான்.

எண்ணெழுத்து, ஜூன் 22

அனுப்பாதே, அல்லி. ஷீட்டை மட்டும் எழுதி வை.